மூன்று அழைப்புகள் ஒன்றான கதை

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போது, அவற்றின் மேலுள்ள பெட்டிகளைப் பற்றிய தகவல் வேறு வழியாகக் கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேர்கிறது. எந்தப் பெட்டி கேட்டுக்குள் வந்தது, எது வெளியே போனது என்று சொல்லும் அந்தச் செய்திக்குக் கோடெக்கோ என்று பெயர். யார்டின் பதிவேட்டை ஒரு நிரல் கோடெக்கோ வடிவத்துக்கு மாற்றி ஒரு ஃபோல்டரில் எழுதும். அந்த ஃபோல்டரையே கவனித்துக்கொண்டிருக்கும் இன்னொரு நிரல், புதுக் கோப்பு தென்பட்டதும் அனுப்பிவிடும்.

திருவொற்றியூரில் இப்படி ஒரு யார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 பெட்டிகள், பெட்டிக்குச் சுமார் 200 பைட். மொத்தம் 12,000 பைட். எழுதும் நிரல் ஒவ்வொரு எழுத்தாக வட்டுக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலும் 4,096 பைட் சேர்ந்த பிறகே தள்ளும். இரண்டு தவணை போய், மூன்றாவதற்குத் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அனுப்பும் நிரல் கோப்பை எடுத்துக்கொண்டால், போவது 8,192 பைட். 41-வது பெட்டியின் நடுவில் கோப்பு அறுந்துவிடும். மீதிப் பெட்டிகள் கேட்டைத் தாண்டியதே கப்பல் கம்பெனிக்குத் தெரியாது. அளவு 4,096-இன் மடங்காக இருப்பதும், கடைசியில் வரவேண்டிய UNZ வரி இல்லாததும் இந்தக் கோளாறின் அடையாளங்கள். பெறுபவர் UNZ-ஐச் சரிபார்த்தால் கோப்பைத் திருப்பியனுப்புவார். சரிபார்க்காவிட்டால் இழப்பு சத்தமில்லாமல் நடந்துவிடும்.

“ஐந்து நொடி அளவு மாறாமல் இருந்தால் எடு” என்று விதி வைப்பவர்கள் உண்டு. தரவுத்தளம் ஆறு நொடி தாமதித்தால் அந்த விதி பயன்படாது. முடிந்துவிட்டது என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவரும் அவரே. வேறு பெயரில் எழுதி முடித்து, கடைசியில் உண்மைப் பெயரைச் சூட்டுவதுதான் அதைச் சொல்லும் வழி.

இந்த வழக்கம் யூனிக்ஸில் வெகு நாளாகவே உண்டு. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களில் தொடங்கிய யுயுசிபி, தொலைபேசிக் கம்பி வழியாக வரும் கோப்பை முதலில் TM. என்று தொடங்கும் பெயரில்தான் வைக்கும். முழுதாக வந்து சேர்ந்த பிறகே உரிய இடத்துக்கு மாற்றும்.

ஆனால் பெயர் மாற்றுவதிலேயே ஒரு விரிசல் இருந்தது. பழைய பதிப்பின் இடத்தில் புதியதை வைக்க அன்றைய யூனிக்ஸில் மூன்று அழைப்புகள் வேண்டும்: பழைய கோப்பின் பெயரை நீக்குவது, அந்தப் பெயரைப் புதிய கோப்புக்குக் கொடுப்பது, தற்காலிகப் பெயரை எடுத்துவிடுவது. முதல் அழைப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே இயந்திரம் நின்றால் பழையது போயிருக்கும். புதியது தற்காலிகப் பெயரிலேயே கிடக்கும். பெர்க்லியில் கோப்பு முறைமையை மறுபடி வடிவமைத்த மெக்குசிக், ஜாய், லெஃப்லர், ஃபாப்ரி நால்வரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் இதே காரணத்தைச் சொல்லித்தான் `rename` என்ற ஒற்றை அழைப்பை விளக்குகிறார்கள். 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டியில் அது இருந்தது. அதன் பிறகு, அந்தப் பெயரைத் திறப்பவருக்குக் கிடைப்பது பழையது முழுசாக, இல்லையென்றால் புதியது முழுசாக.

1990களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் மெயில்டிர் என்ற அஞ்சல் பெட்டி முறையை இதே எண்ணத்தின் மேல் கட்டினார். கடிதம் `tmp` ஃபோல்டரில் எழுதப்பட்டு, முடிந்த பிறகே `new`-க்குள் வரும். படிப்பவர் `tmp` பக்கம் போவதே இல்லை. ஃபோல்டரைக் கவனிக்கும் நிரல்களுக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் பார்த்ததில்லை.

நம் யார்டுக்கு இவ்வளவு போதும்:

```
set -e
./to_codeco gate.csv > out/.g0417.part
sync out/.g0417.part
mv out/.g0417.part out/g0417.edi
```

அனுப்பும் நிரல் `*.edi` கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டும். லினக்ஸின் ஐநோட்டிஃபை வழியாகக் கவனித்தால் `IN_MOVED_TO` நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டும். `IN_CLOSE_WRITE` மட்டும் கேட்டால் பெயர் மாறியது தெரியவே தெரியாது. `sync` வரியையும் விட்டுவிடக் கூடாது. பெயர் வட்டில் பதிந்து, உள்ளடக்கம் பதியுமுன் மின்சாரம் போனால், சரியான பெயரில் வெற்றுக் கோப்பு கிடக்கலாம்.

தற்காலிகக் கோப்பை `/tmp`-இல் எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பல இயந்திரங்களில் அது வேறொரு கோப்பு முறைமை. இரண்டு முறைமைகளுக்கிடையே `rename` வேலை செய்யாது. `EXDEV` என்ற பிழையைத் தரும். `mv` கட்டளையோ அந்தப் பிழையைக் காட்டாமல், கோப்பைப் புதுப் பெயரில் நகலெடுக்கத் தொடங்கிவிடும். நகல் முடிவதற்குள் அனுப்பும் நிரல் பார்த்தால் அதே பாதிக் கோப்புதான் போகும். அதனால் தற்காலிகக் கோப்பு சேருமிடத்திலேயே, அல்லது அதே முறைமையில் உள்ள பக்கத்து ஃபோல்டரில் பிறக்க வேண்டும். நடுவில் செத்துப்போன ஓட்டங்கள் விட்டுச்செல்லும் `.part` கோப்புகளை, ஒரு நாளைக்கு மேல் பழையவை என்று பார்த்து அழிக்கலாம். அழிக்குமுன் அந்தப் பதிவுகள் மறுபடி மாற்றப்பட்டு அனுப்பப்பட்டனவா என்று யார்டின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.