பிக்குணி சங்கம் மீண்டும் பிறந்த கதை

சமயத் தலைமையில் பெண்கள் என்ற நம் கருத்தரங்கத் தலைப்பு மிகப் பெரிது. இந்த வாரம் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அற்றுப்போயிருந்த பிக்குணி சங்கம் 1998இல் மறுபடி உருவானது. அது செல்லும் என்பவர்களும் செல்லாது என்பவர்களும் ஒரே விநய நூலைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதனால் அந்த நூலிலிருந்தே தொடங்குங்கள்.

சுள்ளவக்கத்தின் பத்தாம் அத்தியாயத்தில் புத்தரின் வளர்ப்புத்தாய் மகாபஜாபதி கோதமி மூன்று முறை துறவு கேட்கிறார். மூன்று முறையும் மறுப்பு. தலையை மழித்துக்கொண்டு, சாக்கியப் பெண்களோடு வைசாலி வரை நடந்தே போகிறார். ஆனந்தர் அவருக்காகப் பேசிய பிறகு, எட்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. நூறு வருடம் துறவில் இருந்த பிக்குணியும் அன்றைக்குத் தீட்சை பெற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வகுப்பில் எல்லோரும் இதைப் பற்றித்தான் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் வழக்கு நிற்பது வேறோர் இடத்தில்.

பிக்குணியாக உபசம்பதை, அதாவது முழுத் தீட்சை, வேண்டும். அதே அத்தியாயத்தில் முதலில் பிக்குகளே பெண்களுக்கு அதைக் கொடுக்கலாம் என்று புத்தர் அனுமதிக்கிறார். தீட்சைக்கு முன் உடல்நோய், உடற்குறை பற்றிச் சில கேள்விகள் கேட்பது வழக்கம். ஆண்கள் நடுவே அவற்றுக்குப் பதில் சொல்லப் பெண்கள் கூசி நின்றார்கள். எனவே பிக்குணிகள் முதலில் விசாரித்துத் தீட்சை கொடுக்கட்டும், பிறகு பிக்குகள் கொடுக்கட்டும் என்று விதி மாறுகிறது. பெண்களின் கூச்சத்தைப் போக்க வந்த இந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் பூட்டாகிவிட்டது. பிக்குணிகளே இல்லாத நாட்டில் முதல் தீட்சையை யார் கொடுப்பது?

இலங்கையில் இந்தக் கேள்வி ஆரம்பத்திலேயே எழுந்தது. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் அனுலா தேவி துறவு கேட்டபோது, தம்மால் கொடுக்க இயலாது என்று மகிந்தர் தம் தங்கை சங்கமித்தையை வரவழைக்கச் சொன்னதாக மகாவம்சம் கூறுகிறது. அப்படித் தோன்றிய பரம்பரை கடலும் கடந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் சிங்களப் பிக்குணிகள் வணிகக் கப்பலில் சீனத்து நான்ஜிங் போனார்கள். முதலில் போனவர்கள் எண்ணிக்கை போதாததால், 433இல் இன்னும் சிலர் வந்து சேர்ந்த பிறகே சீனப் பெண்களுக்கு இருபால் சங்கத்தின் தீட்சை கிடைத்தது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படையெடுப்பில் அனுராதபுரம் வீழ்ந்தது. இரு சங்கங்களும் சிதைந்தன. முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து ஆண்கள் சங்கத்தை நிமிர்த்தினார். 1753இல் சியாமிலிருந்தும் அதேபோல் வரவழைத்தார்கள். பிக்குணிகளுக்காக அப்படியொரு தூது போனதாகச் செய்தி இல்லை. பத்துச் சீலம் காக்கும் 'தசசில் மாணியோ' என்ற நிலையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

1996இல் சாரநாத்தில் கொரியத் துறவிகள் உதவியோடு சில இலங்கைப் பெண்கள் தீட்சை பெற்றார்கள். 1998 பிப்ரவரியில் தைவானின் ஃபோ குவாங் ஷான் மடம் புத்தகயையில் நடத்திய சடங்கில் இன்னும் சிலர் பெற்றார்கள். பிறகு அவர்கள் சாரநாத் சென்று, இலங்கைத் தேரவாதப் பிக்குகளிடம் பாலி மொழியில் மறுபடியும் தீட்சை பெற்றார்கள். அதே ஆண்டு தம்புள்ளையில் இனாமலுவே சுமங்கல தேரர் முன்னின்று இலங்கை மண்ணிலேயே சடங்கை நடத்தினார்.

எதிர்த்தரப்பின் வாதம் எளிது. சீனத்தில் வழங்குவது தர்மகுப்தக விநயம். அது தேரவாதம் அல்ல. நான்ஜிங்கில் தொடங்கிய இருபால் தீட்சை இடைவிடாமல் வந்தது என்று நிறுவவும் முடியாது. பின்வந்த விதி முந்தைய அனுமதியை நீக்கிவிட்டது என்கிறார் தானிஸ்ஸரோ பிக்கு. பிக்கு போதியும் அனாலயோவும் முந்தைய அனுமதி நீக்கப்படவே இல்லை, பிக்குணிகள் இல்லாத சூழலுக்கு அது இன்றும் பொருந்தும் என்கிறார்கள். பர்மியப் பெரியவர் மிங்குன் ஜேதவன சயாதோ 1949இலேயே இதே முடிவுக்கு வந்திருந்தார். மகளிர் உரிமை வாதம் மேலைநாட்டு இறக்குமதி என்று சொல்பவர்கள் அவரை அவசியம் வாசிக்க வேண்டும்.

என் சாய்வு பிக்கு போதியின் பக்கம். புத்தர் தாம் திருத்திய மற்ற சில விதிகளில் பழையதை வெளிப்படையாக விலக்குகிறார், இங்கே விலக்கவில்லை. ஆனாலும் மகிந்தரின் மறுப்பு என்னை உறுத்துகிறது. பிக்குகள் தனியே கொடுக்க முடியும் என்றால், அவர் ஏன் பாடலிபுத்திரம் வரை ஆள் அனுப்பச் சொன்னார்? அங்கே பிக்குணிகள் இருந்ததால் அவர்களை அழைப்பதே முறை என்று பதில் சொல்லலாம். அது போதுமான பதிலா என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதும்போது ஒவ்வொரு ஆசிரியரும் எந்த வாக்கியத்தை விதியாகக் கொள்கிறார், எதைக் கதையாகக் கொள்கிறார் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒரே பத்தியை ஓரிடத்தில் விதியாகவும் இன்னோரிடத்தில் கதையாகவும் கொள்பவர் எந்தக் கட்சியில் இருந்தாலும், அந்த இடத்தில் அவரை நிறுத்திக் கேளுங்கள்.