தோளிலிருந்து தோள்வரை

வேலூர் லாங் பஜாரில் பெண்களுக்கான நீச்சலுடை தேடினால், எவ்வளவு மறைக்கும் என்றுதான் பேச்சு வரும். உடம்பின் நீளத்தை யாரும் கேட்பதில்லை. ஒற்றை உடைக்கு அந்த அளவுதான் உயிர்: தோளில் தொடங்கி, மார்பு வழியே இறங்கி, கால்களுக்கிடையே புகுந்து, முதுகு வழியே அதே தோளுக்குத் திரும்பும் சுற்று. அது குறைந்தால் பட்டை தோளை அறுக்கும். கூடினால் நனைந்ததும் மார்பில் தொய்யும்.

வெட்டைப் பார்க்காமல் தோலை மட்டும் பார்த்த கண்ணுக்கு ஷர்மிளா தாகூரே சாட்சி. 1966இல் ஃபிலிம்ஃபேர் அட்டையில் அவர் அணிந்தது பிகினி. மறு ஆண்டு ‘ஆன் ஈவினிங் இன் பாரிஸ்’ படத்தில் அணிந்தது ஒற்றை உடை. இன்றும் பலர் அதையும் பிகினி என்றே சொல்கிறார்கள்!

தொப்புளுக்கு மேல் ஏறும் உயர் இடுப்புக் கீழாடை 1940களிலேயே உண்டு. அமெரிக்காவின் ஆன் கோல் 1998இல் கொண்டுவந்த டாங்கினி, பனியன் போன்ற மேலாடையையும் கீழாடையையும் பிரித்தது. மறைப்பு ஏறக்குறைய ஒற்றை உடை அளவுதான். ஆனால் உடம்பின் நீளம் சிக்கலில்லை, கழிப்பறையில் ஈர உடையை முழுதாக உரிக்க வேண்டாம். தண்ணீரில் குதித்தால் மட்டும் மேலாடை காற்றடைத்து மேலேறும். விளிம்பில் இழுகயிறு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.