புது எண்ணிலிருந்து வரும் அவசரப் பணக் கோரிக்கை

புது எண்ணிலிருந்து வரும் அவசரப் பணக் கோரிக்கை என்பது, நெருங்கிய உறவினர் ஒருவரைப் போல நடித்து, குடும்பத்துக்குப் பழக்கமில்லாத கைபேசி எண்ணிலிருந்து பணம் கேட்கும் ஆள்மாறாட்ட மோசடி. "அம்மா, போன் உடைஞ்சிருச்சு, இதுதான் என் புது நம்பர். அவசரமா பணம் வேணும், ராத்திரி திருப்பித் தந்துடறேன்" என்பதுதான் இதன் வழக்கமான வடிவம். இந்தியச் சட்டத்தில் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவின்படியும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படியும் தண்டனைக்குரிய குற்றம். உண்மையான உறவினரும் சில நேரம் இதே சொற்களில்தான் பணம் கேட்பார் என்பதால், செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்து மெய்யா பொய்யா என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் செய்தி வருவதற்கு முன்பே குடும்பத்திடம் இருந்த பழைய எண், பழைய வங்கிக் கணக்கு, பழைய உறவு ஆகியவற்றின் வழியாகத்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

ஏமாற்று நடக்கும் விதம்

ஏமாற்றுபவருக்குப் பெரும்பாலும் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. ஒரே வாசகம் பல எண்களுக்குப் போகிறது. பெற்றவர் பதறி, "யாரு, குமாரா?" என்று கேட்டவுடன் ஏமாற்றுபவருக்குத் தேவையான பெயர் கிடைத்துவிடுகிறது. ஜப்பானில் 2000களின் தொடக்கத்தில் பரவிய தொலைபேசி மோசடிக்கு 'நான்தான், நான்தான்' என்று பொருள்படும் பெயர் வந்ததும் இதனால்தான். அழைத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. கேட்டவர்தான் மகன் பெயரைச் சொல்லி அந்த இடத்தை நிரப்பினார். ஆஸ்திரேலியாவில் 'ஹாய் மம்' என்று அழைக்கப்பட்ட இதன் வாட்ஸ்அப் வடிவத்தில், 2022இன் முதல் 7 மாதங்களில் மட்டும் 1,150க்கும் அதிகமானோர் 26 லட்சம் டாலர் இழந்ததாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் அறிவித்தது. பெயர் கிடைத்த பிறகு முகநூலிலிருந்தோ வாட்ஸ்அப் முகப்பிலிருந்தோ புகைப்படத்தை எடுத்து ஒட்டிக்கொள்வது எளிது. ஆகவே பெயரும் படமும் பொருந்துவது சான்றாகாது.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு இந்த மோசடி கூடுதல் சிக்கல் தருகிறது. பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் தொழிலாளர்களும், தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களும் புது சிம் வாங்குவது அன்றாட நடப்பு. பல தொழிற்சாலைகளில் கைபேசியை வாசலிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே காலை 6 மணி ஷிப்டுக்குப் போன மகனின் பழைய எண் பிற்பகல் 2 மணி வரை எடுக்கப்படாமல் இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் வரும் போலிச் செய்திக்கு இந்த மௌனமே துணை நிற்கிறது. பழைய எண் எடுக்காததை, போன் உடைந்ததற்கு ஆதாரமாகக் குடும்பம் எடுத்துக்கொள்கிறது. எடுக்காத அழைப்பு எதையும் உறுதிப்படுத்துவதில்லை. அந்த வேளையில் அவர் ஷிப்டில் இருப்பார் என்பது தெரிந்தால், கைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவர் அவர்தானா என்ற சந்தேகமே முதலில் எழ வேண்டும்.

'போன் உடைஞ்சிருச்சு' என்ற காரணமும் சிந்திக்க வேண்டியது. கருவி உடைந்தால் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் அதே எண் வேலை செய்யும். சிம்மோடு போனே தொலைந்தாலும், அடையாளச் சான்று காட்டி அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கலாம். கருவி போனதால் எண் போய்விடுவதில்லை. சான்றிதழ்கள் சொந்த ஊரில் இருப்பவருக்கு மாற்று சிம் கிடைக்கச் சில நாள் ஆகலாம் என்பதும் உண்மைதான். எனவே இந்தக் காரணத்தை வைத்துச் செய்தி பொய் என்று முடிவுகட்டக் கூடாது. கேள்வி கேட்பதற்கு அது போதுமானது.

கோழிக்கோடு நிகழ்வு, 2023

பலர் நம்பும் சோதனை வீடியோ அழைப்பு. அதன் வரம்பைக் காட்டியது 2023 ஜூலையில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்த நிகழ்வு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவருக்கு, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. அவரோடு முன்பு வேலை பார்த்த நண்பர் என்று சொல்லிக்கொண்டவர், பொது நண்பர்களைப் பற்றி விசாரித்தார். பிறகு உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக 40,000 ரூபாய் கேட்டார். ஐயம் எழுந்தபோது சில நொடிகள் மட்டும் நீடித்த வீடியோ அழைப்பில் அந்த நண்பரின் முகமே தெரிந்தது. பணம் போனது. அடுத்ததாக 35,000 ரூபாய் கேட்டபோதுதான் அவர் நண்பரின் பழைய எண்ணுக்கு அழைத்தார். நண்பருக்கு ஒன்றும் தெரியவில்லை. அது செயற்கையாக உருவாக்கிய முகம் என்று காவல்துறை கூறியது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கு மகாராஷ்டிரத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு முடக்கப்பட்டது.

ஏமாந்தவர் சரிபார்க்காமல் பணம் அனுப்பியவரல்ல. பேச்சு, பொது நண்பர்கள், முகம் என்று மூன்று வழிகளில் அவர் சோதித்திருக்கிறார். ஆனால் மூன்றும் அந்தப் புது எண்ணின் வழியாகவே வந்தவை. சோதிக்கப்படுபவரே சோதனைக்கான விடைகளையும் தந்துகொண்டிருந்தார். மூன்றாலும் வெளிப்படாத உண்மை பழைய எண்ணுக்குச் செய்த ஒரே அழைப்பில் வெளிப்பட்டது. அந்த அழைப்பு முதல் தொகைக்கு முன்பே நடந்திருந்தால் இழப்பே இல்லை.

சரிபார்க்கும் எளிய வழிகள்

முதல் வழி, பழைய எண்ணுக்குச் சாதாரண அழைப்பு. வாட்ஸ்அப் அழைப்பு போதாது. வாட்ஸ்அப் கணக்கையே பிறர் கைப்பற்றியிருக்கலாம். பழைய எண் எடுக்காவிட்டால் அறைத் தோழர், உடன் வேலை செய்பவர், ஒப்பந்த மேற்பார்வையாளர், தொழிற்சாலை அலுவலகம் என யாராவது ஒருவரின் எண் வழியாக ஆளைத் தேட வேண்டும். அந்த எண்கள் முன்கூட்டியே வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். புது எண் அனுப்பும் 'நண்பரின் எண்' இதற்கு உதவாது. இன்னொரு சிறு சோதனையும் உண்டு. வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதியை முறையாகப் பயன்படுத்தியவர் குடும்பக் குழுவில் நீடிப்பார். எண் மாறியது என்ற அறிவிப்பும் குழுவில் தோன்றும். அந்த அறிவிப்பு இல்லாமல் தனியாக வந்து பேசும் எண்ணை நம்பக் கூடாது.

இரண்டாவது, குடும்பத்துக்குள் மட்டும் புழங்கும் கேள்வி. பிறந்த நாள், ஊர், பள்ளி எல்லாம் இணையத்தில் கிடைக்கும். பெரியம்மாவை அவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார், வீட்டில் அவருக்கு இருக்கும் செல்லப் பெயர் என்ன என்பவை பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. விடையை உள்ளடக்கிய கேள்வியைத் தவிர்க்க வேண்டும், "குமார்தானே பேசறே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் உறுதியானது: ஆளை உறுதிசெய்ய முடியாதபோதும் பணம் போய்ச் சேரும் இடத்தை உறுதிசெய்வது. மகனுக்கு உதவத்தான் வேண்டும் என்று தோன்றினால், புதிதாகச் சொல்லப்படும் யுபிஐ முகவரிக்கோ க்யூஆர் குறியீட்டுக்கோ அனுப்பாமல், இதற்கு முன் அவருக்கு அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். போன் உடைந்தாலும் வங்கிக் கணக்கு உடைவதில்லை. சம்பளம் வரும் கணக்கில் பணம் விழுந்தால் ஏடிஎம் அட்டையால் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவர் மகன் என்றால் பணம் அவருக்குக் கிடைக்கும். மோசடிக்காரர் என்றால் அவருக்கு ஒரு ரூபாயும் போகாது. பழைய கணக்கு வேண்டவே வேண்டாம் என்று வற்புறுத்துவதே பெரிய எச்சரிக்கை. அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரையும் படிக்க வேண்டும். வங்கியில் பதிவான பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூனிலிருந்து நடப்பில் உள்ளது. 'ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பது' அந்தக் கணக்கு இயங்குகிறது என்பதை மட்டும் காட்டும். அது யாருடைய சொல்படி இயங்குகிறது என்பதைக் காட்டாது.

மறுப்புகளும் விடைகளும்

அறைத் தோழரின் ஜிபே வழியாகப் பணம் வாங்குவது தொழிலாளர்களிடையே சகஜம். பெயர் பொருந்தாததால் மட்டும் மறுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் வேறாக இருப்பதே குற்றத்துக்குச் சான்றல்ல. ஆனால் அந்தத் தோழர் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவராக, அவர் எண் முன்பே வீட்டில் இருப்பதாக அமைந்தால் மட்டுமே அந்த வழி பழைய வழியாகும். இல்லாவிட்டால், மோசடிப் பணத்தைக் கைமாற்ற வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்குக்கும் தோழரின் கணக்குக்கும் வீட்டிலிருப்பவர் வேறுபாடு காண இயலாது.

விபத்து என்றால் விசாரித்துக்கொண்டிருக்கலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. முதல் மணி நேரங்களில் உயிரைக் காப்பதற்கு வீட்டிலிருந்து வரும் யுபிஐ பணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை தமிழ்நாட்டில் இல்லை. 108 ஆம்புலன்சுக்குக் கட்டணமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. வெளி மாநிலத்தவருக்கும் இது பொருந்தும். தனியார் மருத்துவமனை பணம் கேட்கிறது என்றால், அதன் பொது எண்ணை வீட்டாரே தேடி அழைத்து, மருத்துவமனையின் கணக்கிலேயே கட்டலாம். இவை எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தர மறுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கும் செய்தி, சிகிச்சையைவிடத் தன்னைத்தான் காப்பாற்றப் பார்க்கிறது.

பெற்ற பிள்ளையைச் சந்தேகிப்பது புண்படுத்தாதா என்பது மூன்றாவது மறுப்பு. செய்தி வந்த பிறகு முதன்முறையாகக் கேள்வி கேட்டால் புண்படுத்தும். ஊருக்கு வந்திருக்கும் நாளில், 'பழைய கணக்குக்குத்தான் அனுப்புவோம்' என்று எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டால், அது வீட்டு வழக்கமாகிவிடும். யார்மீதும் சந்தேகம் என்றாகாது.

பணம் போன பின்

யுபிஐயில் அனுப்பிய பணத்தை அனுப்பியவரே திரும்ப இழுக்க முடியாது. உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், தொகை, நேரம், போன கணக்கு ஆகியவற்றைச் சொன்னால், பணம் தங்கியிருக்கும் கணக்கில் அதை நிறுத்திவைக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குச் சிறு சிறு தொகைகளாகப் பிரிந்து ஓடும் என்பதால், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மீட்பைக் குறைக்கிறது. பேசிய செய்திகளை அழிக்கக் கூடாது, அவையே சான்று. ஏமாந்த வெட்கத்தில் மறுநாள் வரை மறைப்பதால்தான் பல வீடுகளில் மீட்கக்கூடிய பணமும் கைவிட்டுப் போகிறது.