கீட்டோ அமிலமிகையும் மூளை வீக்கமும்

இன்சுலின் இல்லாமையால் இரத்தத்தில் கீட்டோன் எனும் அமிலப் பொருள்கள் பெருகும் கீட்டோ அமிலமிகைக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ மூளை வீங்குகிறது. பெரும்பாலும் சிகிச்சையின் முதல் 12 மணி நேரத்திற்குள் தோன்றும் இது உயிரைப் பறிக்கக்கூடியது. திரவம் விரைந்து ஏறினால் இரத்தத்தின் அடர்வு சட்டெனக் குறைந்து நீர் மூளைக்குள் புகும் என்பது பழைய விளக்கம். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு வேகத்தால் பெரிய வேறுபாடு காணாததால், நோயின்போது மூளையில் குருதியோட்டம் குறைவதும் காரணமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அளவறிந்து ஏற்றும் வழக்கம் கைவிடப்படவில்லை.

ராசிபுரத்திலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படும் 20 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றைக் கொள்வோம். உடல் எடையில் 7 விழுக்காடு நீரிழப்பு எனில் பற்றாக்குறை 1,400 மி.லி.; அதில் 200 மி.லி. உப்புநீர் முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளும், எஞ்சியது அன்றாடத் தேவையான 1,500 மி.லி.யுடன் சேர்த்து 48 மணி நேரத்திற்கு மணிக்குச் சுமார் 88 மி.லி. வீதமும் செலுத்தப்படும். முதல் மருத்துவமனையில் ஏற்றிய அளவு பரிந்துரைக் கடிதத்தில் விடுபட்டால் இக்கணக்கு பிழையாகும். தலைவலி, குழப்பம், நாடித்துடிப்புத் தளர்வு ஆகியவை தோன்றினால், ஸ்கேனுக்குக் காத்திராமல் மானிட்டால் அல்லது 3 விழுக்காடு உப்புநீர் உடனே கொடுக்கப்படுகிறது.