முப்பத்தொன்றாம் தேதியும் ஒரு மாதமும்: மாத இறுதி பில் அறிக்கைகளில் தேதி நகர்தல்

2023 ஜனவரி 31ஆம் தேதியுடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் என்ன தேதி வரும்? பிஎச்பி மொழியின் `strtotime` மார்ச் 3 என்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் பிப்ரவரி 28 என்கின்றன. ஆரக்கிளில் `INTERVAL '1' MONTH` என்று எழுதிக் கூட்டினால் விடையே கிடைக்காது. அந்த மாதத்தில் அப்படி ஒரு தேதி இல்லை என்று ORA-01839 பிழைச் செய்தி வந்து நிற்கும். இவற்றில் முதல் விடை தவறு, இரண்டாவது சரி, மூன்றாவது தொந்தரவு என்பதே நிரலாளர்களிடையே உள்ள பொதுவான மதிப்பீடு. மாத இறுதி அறிக்கைகளைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மார்ச் 3 என்ற விடை கண்ணில் படும் தவறு. பிப்ரவரி 28 என்ற விடையோ தணிக்கையையும் தாண்டிப் போகக்கூடியது.

முதல் விடை எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். மாத எண்ணை மட்டும் ஒன்று உயர்த்தினால் 'பிப்ரவரி 31' கிடைக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாட்களே இருப்பதால் மீதி மூன்று நாட்கள் மார்ச்சுக்குள் வழிகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் `setMonth` செய்வதும் இதையே. கடந்த பன்னிரண்டு மாதங்களின் தலைப்புகளை 'இன்று கழித்தல் ஒரு மாதம்' என்று உருவாக்கும் அறிக்கையை மார்ச் 31 அன்று ஓட்டினால், மார்ச் இருமுறை வரும், பிப்ரவரி காணாமல் போகும். அதே நிரல் 15ஆம் தேதி ஓட்டியபோது ஒழுங்காக இருந்திருக்கும். எரிச்சலூட்டும் பிழைதான், ஆனால் அறிக்கையைத் திறந்த கணக்காளர் அன்றே தொலைபேசியை எடுத்துவிடுவார்.

இரண்டாம் விதி நாகரிகமானது: இல்லாத தேதி வந்தால் அந்த மாதத்தின் கடைசி நாளோடு நின்றுகொள்ளும். ஒரே ஒரு முறை கூட்டும்போது இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வருவது, சென்ற மாத முடிவுத் தேதியை எடுத்து அதன்மேல் ஒரு மாதம் கூட்டி அடுத்த முடிவுத் தேதியைப் பெறும்போதுதான். பில் மென்பொருள்களில் இந்தச் சங்கிலிக் கணக்கு சாதாரணமாகக் காணப்படுவது. 'கடைசியாக முடித்த தேதி' என்று ஒரு புலம் அட்டவணையில் இருக்கும். மாதாந்தர வேலை ஓடியதும் அதில் ஒரு மாதம் கூடும்.

ஒரு நிறுவனம் 2022 மார்ச் 31 அன்று கணக்கை முடித்து, 2022-23 நிதியாண்டை இந்த முறையில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, நாளொன்றுக்கு ரூ.1,000க்கு பில் போடுகிறது என்போம். மார்ச் 31உடன் ஒரு மாதம் கூட்டினால் ஏப்ரல் 30. எந்தக் குறையும் இல்லை. ஏப்ரல் 30உடன் ஒரு மாதம் கூட்டினால் மே 30. 31 என்பது இப்போது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அது திரும்பி வரவும் வழியில்லை. மே அறிக்கை 30 நாட்களோடு ரூ.30,000 காட்டுகிறது, இருக்க வேண்டியது ரூ.31,000. விடுபட்ட மே 31, ஜூன் அறிக்கைக்குள் போய் அதை ரூ.31,000 ஆக்குகிறது.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. முதல் காலாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. நிரல் தரும் முடிவுத் தேதியும் ஜூன் 30தான். மூன்று மாதங்களைக் கூட்டினால் 91 நாட்கள், ரூ.91,000. பேரேட்டோடு காசு பிசகாமல் ஒத்துப்போகும். ஆகஸ்ட் அறிக்கை இன்னும் ஏமாற்றக்கூடியது. அது ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 30 வரையிலான 31 நாட்களைக் கொண்டிருக்கிறது. நாட்களின் எண்ணிக்கை சரி, தொகையும் சரி, நாட்கள்தான் வேறு. செப்டம்பர் 30 அன்று அரையாண்டுக் கணக்கும் நேராகிவிடும். டிசம்பர் 30 அன்றுதான் மூன்றாம் காலாண்டில் முதன்முறையாக ஒரு நாள் குறைகிறது. அந்த ஒரு நாளையும் ஜனவரி அறிக்கை தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு ஜனவரி 30இலிருந்து பிப்ரவரி 28, அங்கிருந்து மார்ச் 28. நிதியாண்டு 362 நாட்களோடு முடிந்துவிடுகிறது, ரூ.3,65,000 இருக்க வேண்டிய இடத்தில் ரூ.3,62,000. மார்ச்சின் கடைசி மூன்று நாட்கள் அடுத்த நிதியாண்டின் முதல் அறிக்கையில் போய்ச் சேரும். அதன்பின் யாரும் கைவைக்காத வரை முடிவுத் தேதி 28ஐ விட்டு நகராது.

வழக்கமான சோதனைகள் இதைப் பிடிக்காததற்குக் காரணமும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த காலங்களுக்கு இடையே இடைவெளி உண்டா, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்று பார்த்தால் இரண்டும் இல்லை. ஒவ்வொரு பில்லும் ஏதோ ஓர் அறிக்கையில் ஒரு முறை, ஒரே முறை, வந்துவிடுகிறது. தவறு தொகையில் இல்லை, மாத ஒதுக்கீட்டில் இருக்கிறது. ஜிஎஸ்டி மாதாந்தரக் கணக்கை இந்த அறிக்கையிலிருந்து எடுத்தால் மே 31ஆம் தேதி பில்லின் வரி ஜூன் கணக்கில் ஏறும். தாமதத்துக்கான வட்டிப் பேச்சு அங்கே தொடங்கும். இதே சங்கிலியை வழியும் விதியில் ஓட்டிப் பாருங்கள்: மார்ச் 31இன் அடுத்த முடிவு மே 1. 'ஏப்ரல்' என்ற தலைப்பே அறிக்கையில் வராது. முதல் மாதமே குட்டு உடையும்.

கடைசி நாளில் நிற்கும் விதியை ஆதரிப்போர், சட்டமே அதைத்தானே சொல்கிறது என்று கேட்கக்கூடும். உண்மைதான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 23ஆம் பிரிவில், இத்தனை மாதங்களுக்குப் பின் பணம் தர வேண்டும் என்று எழுதிய ஆவணத்தின் காலம், அதே தேதி இல்லாத மாதத்தில் அம்மாதத்தின் கடைசி நாளில் முடியும் என்று வகுக்கிறது. அங்குள்ள உதாரணங்களில் 1878 ஆகஸ்ட் 30 தேதியிட்ட மூன்று மாத ஆவணமும், ஆகஸ்ட் 31 தேதியிட்டதும் சலுகை நாட்கள் மூன்றையும் சேர்த்து டிசம்பர் 3 அன்றே முதிர்கின்றன. நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2022 ஜனவரியில் டிராய் வெளியிட்ட கட்டண ஆணையும் இதையே பின்பற்றியது. மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது தொலைபேசி நிறுவனங்கள் தர வேண்டும், அந்தத் தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளில் புதுப்பிக்க வேண்டும் என்றது.

ஆனால் சட்டம் செய்வதையும் நிரல் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் எண்ணுவது ஆவணத்தில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. மூன்று மாதம் என்றால் அங்கிருந்து ஒரே தாவலில் மூன்று மாதம். ஒரு மாதத்துக்கான விடையை எடுத்து, அதன்மேல் இன்னொரு மாதம் கூட்டும் வேலை அதில் இல்லை. ஆகஸ்ட் 30, ஆகஸ்ட் 31 என்ற இரு தேதிகள் நவம்பர் 30 என்ற ஒரே விடையில் கலந்த பிறகு, அந்த விடையை மட்டும் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஜனவரி 31உடன் இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. ஒவ்வொரு மாதமாக இருமுறை கூட்டினால் மார்ச் 28. ஒரு மாதம் கூட்டி, அதையே கழித்தால் ஜனவரி 28. எண்களின் கூட்டலுக்கு உள்ள பண்புகள் மாதக் கூட்டலுக்குக் கிடையாது. இருப்பதாக எண்ணி எழுதியதுதான் இங்கே மூலப் பிழை.

திருத்தம் எளிது. மூலத் தேதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, எத்தனையாவது மாதம் என்ற எண்ணை மட்டும் உயர்த்த வேண்டும். போஸ்ட்கிரெஸில்:

```sql
SELECT DATE '2022-03-31' + n * INTERVAL '1 month'
FROM generate_series(1, 12) AS n;
```

இது ஏப்ரல் 30, மே 31 என்று போய், பிப்ரவரியில் 28ஆம் தேதி நின்று, மார்ச் 31க்குத் திரும்பிவிடும்.

இதுவும் எல்லா இடத்துக்கும் போதாது. மூலத் தேதி ஏப்ரல் 30 என்று இருந்தால், அதன் பொருள் 'மாதந்தோறும் 30' என்பதா, 'மாதந்தோறும் கடைசி நாள்' என்பதா? தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரக்கிளின் `ADD_MONTHS` இரண்டாவது பொருளையே எப்போதும் எடுத்துக்கொள்கிறது: கொடுத்த தேதி மாதக் கடைசியாக இருந்தால் விடையும் மாதக் கடைசிதான், ஏப்ரல் 30க்கு மே 31. கணக்கு முடிக்கும் தேதிகளுக்கு இது மிகப் பொருத்தம். சங்கிலியாக ஓட்டினாலும் நகராது. ஆனால் ஏப்ரல் 30 அன்று சேர்ந்து, மாதந்தோறும் 30ஆம் தேதி பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்ட வாடிக்கையாளருக்கு இதே செயற்கூறு மே 31 என்று தேதி குறிக்கும். எனவே 'மாத இறுதி' என்ற நோக்கத்தைத் தனிப் புலமாகச் சேமிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 29, 30, 31ஆம் தேதிகளையே தடைசெய்து எல்லோரையும் 28க்குள் அடக்கும் நிறுவனங்களின் வழி வாடிக்கையாளர் பில்லுக்குப் போதும். அறிக்கைக்கு அது உதவாது. பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28ஆம் தேதி முடிவதில்லை.

அறிக்கையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இன்னும் கறாரானது: முடிவுத் தேதியைக் கணக்கிடவே வேண்டாம். மாதத்தின் முதல் நாள் எல்லா மாதத்திலும் உண்டு. இந்த மாத முதல் நாளிலிருந்து அடுத்த மாத முதல் நாளுக்கு முன்வரை என்று கேட்டால் 31 என்ற பேச்சே எழாது.

```sql
WHERE bill_date >= '2022-05-01'
  AND bill_date <  '2022-06-01'
```

பில் தேதியோடு நேரமும் சேர்ந்து பதிவாகும் இடங்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. `BETWEEN` போட்டு மே 31 என்று முடித்தால், அன்று நள்ளிரவுக்குப் பின் போட்ட பில்கள் எல்லாம் விடுபடும். இந்த வடிவில் விடுபடாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைச் சோதிப்பவர்கள் ஜூன், செப்டம்பர் காலாண்டுகள் ஒத்துப்போவதை ஆதாரமாக ஏற்க வேண்டாம். ஒவ்வோர் அறிக்கையிலும் மிக முந்தைய பில் தேதியையும் மிகப் பிந்தைய பில் தேதியையும் எடுத்து, இரண்டும் ஒரே மாதத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சங்கிலிக் கணக்கு ஓடும் இடத்தில் ஜூன் அறிக்கையின் முதல் பில் மே 31 என்று நிற்கும்.