அமர்வுப் பகுப்பு: முப்பது நிமிட இடைவெளி

அமர்வுப் பகுப்பு என்பது, ஒரு தளத்தின் நிகழ்வுப் பதிவில் வரிசையாகக் கிடக்கும் கிளிக்குகளை வருகை வருகையாகப் பிரிக்கும் முறை. ஒரே வாசகரின் அடுத்தடுத்த இரண்டு கிளிக்குகளுக்கு இடையே முப்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், முந்தைய அமர்வு முடிந்தது, புதியது தொடங்கியது என்று கொள்வதே பரவலான வழக்கம். பதிவில் "வந்தேன்", "போகிறேன்" என்ற வரிகள் கிடையாது. யார், எப்போது, எந்தப் பக்கம் என்பது மட்டுமே இருக்கும். மௌனத்தின் நீளத்தை வைத்துத்தான் வாசகர் எழுந்து போனதை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

முப்பது என்ற எண் வந்த வழி சுவாரசியமானது. 1994 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில், 107 பேர் இணையத்தில் உலவியதை லாரா கேட்லெட்ஜும் ஜேம்ஸ் பிட்கோவும் மூன்று வாரம் பதிவு செய்தார்கள். நிகழ்வுகளுக்கு இடையேயான சராசரி நேரம் 9.3 நிமிடம். அதற்கு மேல் ஒன்றரை திட்டவிலக்கம் சேர்த்து 25.5 நிமிடத்தை எல்லையாக வைத்தார்கள். ஆய்வு 1995இல் வெளியானது. பின்னால் வந்தவர்கள் 25.5ஐ முப்பதாக முழுமையாக்கிக்கொண்டார்கள். இன்று கூகுள் அனலிட்டிக்ஸிலும் இயல்பாக இருப்பது இந்த முப்பதுதான். ஒரே ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் பழக்கம், உலகம் முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஜவ்வாது மலையைப் பற்றித் தகவல் தரும் ஒரு தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர் ஒருவர் காலை 6:58க்கு ஜமுனாமரத்தூர் பக்கத்தைத் திறக்கிறார். 7:03க்கு பீமன் நீர்வீழ்ச்சி. 7:33க்கு காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிய நீண்ட பக்கம் அது. பிறகு 8:22க்கு போளூரிலிருந்து செல்லும் பேருந்துகளின் நேரம், 8:26க்கு தங்குமிடம். இடைவெளிகள் முறையே 5, 30, 49, 4 நிமிடங்கள்.

முப்பதுக்கு மேல் போவது 49 மட்டுமே. ஆகவே முதல் மூன்று கிளிக்குகள் ஓர் அமர்வு, கடைசி இரண்டும் இன்னோர் அமர்வு. ஆனால் விதியை எழுதுபவர் "முப்பதுக்கு மேல்" என்பதற்குப் பதிலாக "முப்பதும் அதற்கு மேலும்" என்று எழுதிவிட்டால், 7:33இன் கிளிக்கும் தனியாகப் பிரிந்து, அமர்வுகள் மூன்றாகிவிடும். ஒரு சமக்குறி செய்யும் வேலை இது. நேரத்தை நிமிடக் கணக்கில் மட்டும் சேமிக்கும் பதிவுகளில் துல்லியமாக முப்பதில் விழும் இடைவெளிகள் நிறையவே வரும். நொடி, மில்லிநொடி வரை சேமித்தால் அரிது.

தரவுத்தளத்தில் இதைச் செய்ய இரண்டு படிகள் போதும். ஒவ்வொரு கிளிக்கையும் அதே வாசகரின் முந்தைய கிளிக்கோடு ஒப்பிட்டு, இடைவெளி எல்லையைத் தாண்டினால் 1 என்றும் இல்லையென்றால் 0 என்றும் குறிப்பது முதல் படி. வாசகரின் முதல் கிளிக்குக்கு முந்தையது எதுவும் இல்லாததால் அதற்கும் 1. அந்த ஒன்றுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போவது இரண்டாவது. கூட்டுத்தொகைதான் அமர்வு எண். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இப்படி:

```sql
WITH g AS (
  SELECT *, CASE
    WHEN LAG(ts) OVER w IS NULL
      OR ts - LAG(ts) OVER w > INTERVAL '30 minutes'
    THEN 1 ELSE 0 END AS is_new
  FROM clicks
  WINDOW w AS (PARTITION BY user_id ORDER BY ts)
)
SELECT *, SUM(is_new) OVER
  (PARTITION BY user_id ORDER BY ts) AS session_no
FROM g;
```

ஆசிரியரின் ஐந்து வரிகளில் குறிகள் 1, 0, 0, 1, 0 என்று வரும். கூட்டினால் 1, 1, 1, 2, 2.

இனி சிக்கல். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, கைபேசிச் செயலிகள் கிளிக்குகளைத் தமக்குள் சேர்த்து வைத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்புவது உண்டு. ஆசிரியர் 7:54க்கும் ஒரு பக்கத்தைத் தொட்டிருந்தார், அந்தத் தகவல் மதியம்தான் வந்து சேர்ந்தது என்று கொள்வோம். இப்போது 7:33க்கும் 7:54க்கும் இடையே 21 நிமிடம். 7:54க்கும் 8:22க்கும் இடையே 28. காலையில் இரண்டாக இருந்த அமர்வுகள் மதியம் ஒன்றாகிவிட்டன! தாமதமாக வந்த ஒரு வரி, ஏற்கெனவே அறிக்கையில் ஏறிய எண்ணைக் குறைத்துவிடுகிறது. கிளிக் நிகழ்ந்த நேரத்தை விட்டுவிட்டு, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம். காலையில் நடந்தது மதியத்துப் புது வருகையாகப் பதிவாகும். அறிகுறி எளிதில் தெரியும்: நிகழ்ந்த நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், அடிக்கடி மணிக்கணக்கில் இருக்கும். அத்தகைய பதிவுகளில் ஒரு நாள் காத்திருந்து, பிறகு பகுப்பதே சரி.

நாள்வாரியாகக் கோப்புகளைத் தனித்தனியே பகுப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. பெரும்பாலான பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5:30. காலை 5:20க்கும் 5:40க்கும் கிளிக் செய்த வாசகர் எழுந்தே போகவில்லை. ஆனாலும் அவருடைய வருகை இரண்டு கோப்புகளில் இரண்டு அமர்வுகளாக விழுகிறது. தினமும் 5:30க்குப் புதிய அமர்வுகளின் எண்ணிக்கை திடீரென எகிறினால், காரணம் வாசகர்கள் அல்ல, கோப்பின் வெட்டு. முந்தைய நாளின் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படித்தால் இது தீரும்.

அமர்வின் நீளத்தை எவ்வளவு நம்பலாம்? முதல் அமர்வு 6:58இலிருந்து 7:33 வரை, 35 நிமிடம் என்று கணக்கு சொல்லும். தொலைநோக்கிப் பக்கத்தை ஆசிரியர் இருபது நிமிடம் ஊன்றிப் படித்திருந்தாலும் அந்த இருபது இதில் சேராது. கடைசிக் கிளிக்குக்குப் பின் எதுவும் பதிவாகவில்லையே. ஒரே பக்கத்தைத் திறந்து, முழுவதும் படித்துவிட்டுப் போனவரின் அமர்வு சுழியம் நிமிடம். நீண்ட கட்டுரைகள் வெளியிடும் தளங்களுக்கு இது பெரிய அநீதி.

ஆகவே எல்லையைத் தளத்துக்குத் தக்கபடி தேர்வது நல்லது. எல்லா இடைவெளிகளையும் மடக்கை அளவில் வரைபடமாக்கினால் பெரும்பாலும் இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று ஒரே வருகைக்குள் நிகழும் நொடி, நிமிட இடைவெளிகள். மற்றொன்று ஒரு நாள் போல நீண்டவை. நடுவிலுள்ள பள்ளமே இயல்பான எல்லை. விக்கிப்பீடியா உட்படப் பல சேவைகளின் பதிவுகளை இப்படி ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கர் குழுவினர், 2015இல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொருத்தமான எல்லை என்று காட்டினார்கள். அந்த எல்லையை வைத்தால் நம் ஆசிரியருக்கு ஒரே அமர்வுதான். ஒரு பயணத்தைத் திட்டமிட்ட காலைப்பொழுதை ஒரே வருகையாகக் கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

காட்டு விலங்குகளைக் கணக்கெடுப்பவர்களிடமும் இதே விதி புழங்குகிறது. தானியங்கிக் கேமராவின் முன் ஒரு மான் பத்து நிமிடம் மேய்ந்தால் படங்கள் குவியும். அவற்றைப் பத்து மான்களாக எண்ணக் கூடாது. சுமத்ராவின் புலிகளைப் பற்றி 2003இல் வெளியான டிமத்தி ஓபிரையன் குழுவின் ஆய்வு, ஒரே இனத்தின் அடுத்தடுத்த படங்களுக்கு இடையே அரை மணிக்கு மேல் இருந்தால் தனி நிகழ்வு என்று கொண்டது. அங்கேயும் அரை மணி என்பது வசதிக்காக வைத்த எல்லைதான்.

அமர்வு எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுபவர்கள், எல்லை எத்தனை நிமிடம், அந்த நிமிடமும் சேர்த்தியா, எந்த நேர மண்டலம், எவ்வளவு காத்திருந்து பகுத்தது என்ற நான்கையும் எண்ணின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.