வாராக்கடன் வரலாற்றில் 1989 என்னும் எல்லைக்கோடு: ஒரு மறுவாசிப்பு

இந்திய வருமான வரிச் சட்டத்தில் வாராக்கடனின் வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. 1989 ஏப்ரல் 1க்கு முன், ஐயக்கடனுக்கு ஒதுக்கு ஏற்படுத்தினாலே வரிக் கழிவு கிடைத்தது. அதற்குப் பின், கடனைப் போக்கெழுதினால்தான் கிடைக்கும். இந்தப் பிரிவினைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் சதர்ன் டெக்னாலஜீஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு. நீதிபதி எஸ்.எச். கபாடியா எழுதிய அத்தீர்ப்பின் முடிவோடு இக்கட்டுரைக்கு வழக்கில்லை. அம்முடிவை நோக்கிச் செல்லும் வழியில் அது சுருக்கித் தரும் வரலாற்றோடுதான் வழக்கு. எல்லைக்கோடு இருக்கிறது, ஆனால் அது 1989இல் கிழிக்கப்பட்டதல்ல, ஒதுக்குக்கும் போக்கெழுதலுக்கும் நடுவிலும் ஓடவில்லை என்பது என் வாதம்.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாராக்கடனுக்கென்று தொடக்கத்தில் தனி விதி இல்லை. விதி இல்லாவிட்டாலும் வணிக இலாபத்தைக் கணக்கிடும்போது வாராக்கடனைக் கழித்தே ஆகவேண்டும் என்று சிட்நவிஸ் வழக்கில் 1932இல் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. கூடவே, எந்த ஆண்டில் கடன் வாராமற்போனதோ அந்த ஆண்டிலேயே கழிக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அடுத்த ஐம்பது ஆண்டு வழக்குகளுக்கு விதை இந்த இரண்டாம் கூற்றில் இருக்கிறது. 1939இல் சேர்க்கப்பட்ட 10(2)(xi) பிரிவு, வராது என்று வரி அலுவலர் மதிப்பிடும் தொகையைக் கழிக்க இடம் தந்து, ஏட்டில் உண்மையாகப் போக்கெழுதிய தொகையை அதற்கு உச்சவரம்பாக வைத்தது. இரண்டு செய்திகள் இதில் கவனத்துக்குரியவை. வாராக்கடனோடு ஐயக்கடனையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. அதே நேரத்தில், போக்கெழுதல் என்ற நிபந்தனையும் அப்போதே வந்துவிட்டது. 1989இல் புதிதாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் நிபந்தனைக்கு அந்த ஆண்டில் வயது ஐம்பது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36(1)(vii) பிரிவு, கடன் அந்த ஆண்டில் வாராக்கடனாயிற்று என்று வரி செலுத்துபவர் நிறுவ வேண்டும் என்றது. 36(2) பிரிவு, அதே ஆண்டின் கணக்கில் அது போக்கெழுதப்பட்டிருக்கவும் வேண்டும் என்றது. அதாவது 1989க்கு முன் இருந்தவை இரண்டு பூட்டுகள்: மெய்ப்பு ஒன்று, பதிவு மற்றொன்று. 1987ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1989 ஏப்ரல் 1 முதல் கழற்றியது முதல் பூட்டை மட்டும்தான். கடன் எந்த ஆண்டில் கெட்டது என்ற ஓயாத தகராறுகளை ஒழிப்பதே நோக்கம் என்று நேரடி வரிகள் வாரியத்தின் 1990ஆம் ஆண்டு 551ஆம் சுற்றறிக்கை விளக்கியது. ஆகவே 1989இன் மாற்றம் ஒரு தளர்த்தல். அதையே ஓர் இறுக்கத்தின் தொடக்கமாகவும் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சதர்ன் டெக்னாலஜீஸ் தீர்ப்பு, 1989க்கு முந்தைய நிலைக்குச் சான்றாக இரண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டுகிறது. ஒன்று ஜ்வாலா பிரசாத் திவாரி வழக்கில் 1953இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அளித்தது. மற்றொன்று விட்டல்தாஸ் பர்தான்வாலா வழக்கில் 1981ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான குஜராத் தீர்ப்பு. இரண்டும் சொன்னது இது: இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, கடனாளியின் தனிப் பேரேட்டுக் கணக்குக்குப் பதிலாக வாராக்கடன் ஒதுக்குக் கணக்கில் வரவு வைத்திருந்தாலும் போக்கெழுதல் நிபந்தனை நிறைவேறியது. இதிலிருந்து, அன்று ஒதுக்கே போதுமானதாக இருந்தது என்ற முடிவுக்கு 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு போகிறது. அந்தத் தாவலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்குகளில் கேள்வி, வரவு எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பதே. எந்தக் கடன் என்ற கேள்விக்கு அதற்கு முன்பே விடை இருந்தாக வேண்டும். அலுவலர் மதிப்பிடவும் வணிகர் நிறுவவும் ஒரு குறிப்பிட்ட கடன் கையில் இருந்தால்தானே முடியும்? நிலுவை மொத்தத்தில் நூற்றுக்கு இத்தனை என்று கண்மதிப்பாகத் தள்ளி வைக்கும் பொது ஒதுக்கு, மெய்ப்புப் பூட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கவே வழியில்லை. ஆக, முந்தைய காலம் ஏற்றது பெயர் சுட்டிய கடனுக்கான ஒதுக்கை மட்டுமே. ஒதுக்கு என்ற இனத்தை முழுதாக அது ஏற்றதாக இந்த இரு தீர்ப்புகளைக் கொண்டு சொல்ல முடியாது.

அடுத்தது தேதி. போக்கெழுதல் என்பதில் ஒதுக்கு அடங்காது என்று சொல்லும் விளக்கவுரை 36(1)(vii) பிரிவின் அடியில் இருக்கிறது. இன்று சட்டநூலைப் புரட்டுபவருக்கு அது 1989 ஏப்ரல் 1 முதல் இருப்பதாகத் தெரியும். உண்மையில் அதைச் சேர்த்தது 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம். பன்னிரண்டு ஆண்டு பின்னோக்கி நடைமுறைப்படுத்தியது. சதர்ன் டெக்னாலஜீஸ் வழக்கையே இந்த ஒளியில் பார்க்கலாம். கோயம்புத்தூர் வரித் துறையோடு வழக்காடிய அந்த வங்கிசாரா நிதி நிறுவனம், ரிசர்வ் வங்கியின் 1998ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி செயல்படாச் சொத்துகளுக்காக ஏறத்தாழ ரூ.81 லட்சம் ஒதுக்கியிருந்தது. மதிப்பீட்டு ஆண்டு 1998-99. பதிவு எழுதப்பட்ட நாளில் அந்த விளக்கவுரை எந்தச் சட்டநூலிலும் இல்லை. பழைய நிலை 1988-89 மதிப்பீட்டு ஆண்டோடு முடிந்தது என்று தீர்ப்பு சொல்வது சட்டத்தின் கற்பனைக் கணக்கில் சரி. வரலாற்றுக் கணக்கிலோ, 1989 முதல் 2001 வரை மெய்ப்புப் பூட்டு கழன்ற நிலையில், ஜ்வாலா பிரசாத் வழி வந்த பதிவுமுறையை நேரடியாக மறுக்கும் விதி எதுவும் ஏட்டில் இல்லை. பின்னோக்கிய தேதியை நிகழ்ந்த தேதியாக எடுத்துக்கொண்டால் இந்த இடைக்காலம் மறைந்துவிடும்.

கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பதிவுகளில்தான் காண முடியும். ஒரு மொத்த வியாபாரிக்கு ஆண்டு முடிவில் வரவேண்டிய நிலுவை ரூ.50 லட்சம் என்று கொள்வோம். அதில் ஒரு கடனாளியின் ரூ.4 லட்சம் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில், இலாப நட்டக் கணக்கில் ரூ.4 லட்சம் பற்று, அந்தக் கடனாளியின் கணக்கில் ரூ.4 லட்சம் வரவு. அவர் கணக்கு தீர்ந்தது, இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் ரூ.46 லட்சம். இது ஐயமற்ற போக்கெழுதல். இரண்டாம் வழியில், பற்று அதேதான். வரவு ஒதுக்குக் கணக்கில். இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் ஒதுக்கு ரூ.4 லட்சம், சொத்துகள் பக்கத்தில் கடனாளிகள் குறையாமல் ரூ.50 லட்சம். சதர்ன் டெக்னாலஜீஸ் மறுத்தது இதைத்தான். மூன்றாம் வழியில், வரவு ஒதுக்கில் விழுந்தாலும் சொத்துகள் பக்கத்தில் ரூ.50 லட்சத்திலிருந்து அந்த ரூ.4 லட்சத்தைக் கழித்து ரூ.46 லட்சம் என்று காட்டுகிறார். கடனாளியின் தனிக் கணக்கு மட்டும் ரூ.4 லட்ச நிலுவையோடு திறந்தே இருக்கிறது.

இந்த மூன்றாம் வழியே, அதே 2010 ஏப்ரலில் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சொத்துகள் பக்கத்தில் கடன்தொகை குறைக்கப்பட்டிருந்தால் அது போக்கெழுதலே, ஒவ்வொரு கடனாளியின் கணக்கையும் மூட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. காரணமும் நடைமுறை சார்ந்தது: கணக்கை மூடிவிட்டால், வசூல் வழக்கில் கடனாளி அந்த ஏட்டையே காட்டி, தான் தரவேண்டியது எதுவுமில்லை என்று வாதிடக்கூடும். பின்னால் பணம் வந்தால் 41(4) பிரிவின் கீழ் அது வருமானமாகும் என்பதால் வரித் துறைக்கும் இழப்பில்லை. ஜ்வாலா பிரசாத் வழக்கில் ஏற்கப்பட்ட பதிவுமுறை, சொத்துப் பக்கக் கழிப்பு என்ற ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்துவிட்டது என்றே இதைப் படிக்கிறேன். முற்றாக முடிந்துபோன ஒரு காலம் மூன்றே மாதத்தில் திரும்பி வராது. அது முடியவே இல்லை.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில், 2010 பிப்ரவரியில் டி.ஆர்.எஃப். வழக்குத் தீர்ப்பு வந்தது. கடன் வாராமற்போனதை வரி செலுத்துபவர் இனி நிறுவ வேண்டியதில்லை, கணக்கில் போக்கெழுதியிருந்தால் போதும் என்றது அது. வாரியம் 2016ஆம் ஆண்டு 12ஆம் சுற்றறிக்கையில் இதை ஏற்று, இக்கேள்வியில் மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று தன் அலுவலர்களுக்குச் சொன்னது. 1989இன் திருத்தம் உண்மையில் எதைச் செய்ததோ அதைச் சரியாகச் சொன்ன தீர்ப்பு இது. அத்திருத்தத்தின் தேதியோடு இணைத்துப் பேச வேண்டியது இதைத்தான்.

என் வாதம் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. சொத்துப் பக்கத்தில் குறைத்துக் காட்டினால் போதும் என்றால், பொது ஒதுக்கையும் அப்படிக் காட்டலாமே? மேற்கண்ட வியாபாரி மிச்சமுள்ள ரூ.46 லட்சத்துக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் ரூ.2.30 லட்சம் ஒதுக்கி, கடனாளிகளை ரூ.43.70 லட்சம் என்று காட்டினால் அதற்கும் கழிவு கிடைக்குமா? இன்றைய நிறுமங்கள், எதிர்பார்க்கும் கடன் இழப்பைக் கணித்து, நிலுவையை அதைக் கழித்த நிகரத் தொகையாகவே காட்டுகின்றன. ஆகவே இது கற்பனைக் கேள்வியன்று. விஜயா வங்கித் தீர்ப்பின் வாசகத்தை மட்டும் நீட்டினால் கிடைக்கும் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் 36(2)(i) பிரிவு குறுக்கே நிற்கிறது. கழிவு கேட்கும் கடன், அந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ வருமானமாகக் கணக்கில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வட்டித் தொழிலில் கொடுத்த பணமாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கடனாக எடுத்துத்தான் செய்ய முடியும். யாருடையது என்று தெரியாத ரூ.2.30 லட்சத்தைச் சோதிக்க வழியில்லை. எனவே பெயர் சுட்டல் என்ற நிபந்தனை, மெய்ப்புப் பூட்டு போன பிறகும் இந்தப் பிரிவின் வழியே உயிரோடு இருக்கிறது என்பது என் துணிபு. விஜயா வங்கித் தீர்ப்பு இதை இப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆகவே இது அனுமானம்தான்.

பொது ஒதுக்குக்குக் கழிவு தர நாடாளுமன்றம் விரும்பியபோது தனிப் பிரிவே எழுத வேண்டியிருந்தது என்பதும் இந்த அனுமானத்துக்கு வலு சேர்க்கிறது. 1979ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 36(1)(viia) பிரிவு, ஊரகக் கிளைகளின் கடனை முன்னிட்டு வங்கிகளுக்கு ஒதுக்குக் கழிவு தந்தது. 2016இல்தான் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் அதற்குள் வந்தன. அவற்றுக்கு வரம்பு மொத்த வருமானத்தில் 5 சதவீதம். 1989க்கு முன் எல்லா வகை ஒதுக்குக்கும் கழிவு இருந்திருந்தால், 1979இல் வங்கிகளுக்கென்று இப்படி ஒரு சலுகை எழுத வேண்டிய தேவை என்ன?

கோடு எந்த ஆண்டில் கிழிக்கப்பட்டது என்று கேட்டால் ஒற்றை விடை தர இயலவில்லை. பதிவு நிபந்தனைக்கு 1939, மெய்ப்பு நீங்கியதற்கு 1989, ஒதுக்கை விலக்கிய வாசகத்துக்கு 2001, அந்த விலக்கின் எல்லையைச் சொன்னதற்கு 2010 என்று நான்கு ஆண்டுகள் போட்டியிடுகின்றன. 2001ஆம் ஆண்டு விளக்கவுரையை எழுதியவர்கள் பொது ஒதுக்கை மட்டும் குறிவைத்தார்களா, பெயர் சுட்டிய ஒதுக்கையும் சேர்த்தா என்பதை அதன் வாசகத்திலிருந்து தீர்மானிக்க முடியாது. விஜயா வங்கித் தீர்ப்பு முதல் பொருளின் பக்கம் சாய்கிறது. சதர்ன் டெக்னாலஜீஸ் இரண்டாவதன் பக்கம். ஒரே ஆண்டில் வந்த அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, கழிவைத் தீர்மானிப்பவை குறிப்பிட்ட கடன் ஒன்றும் அந்த அளவுக்குக் குறைந்த சொத்தும்தான். ஒதுக்கு என்ற தலைப்பு ஏட்டில் இருக்கிறதா இல்லையா என்பது அவ்வளவு பொருட்டன்று.